எண்பத்தாறு ரூபாய் நாற்பது காசு

கரூரில் ஒரு படுக்கை விரிப்பு ஏற்றுமதி நிறுவனம். அதன் கணக்குப் பிரிவில் 1990-ல் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள் சண்முகமும் பழனிச்சாமியும். இருவருக்கும் வயது 22. பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே டீக்கடை, ஒரே பேருந்து. சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த இருவரும் என் கற்பனை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இவர்கள் பணம் போட்ட கணக்கும், அதற்கு வருடா வருடம் கிடைத்த வட்டியும் கற்பனை இல்லை. 'சீக்கிரம் ஆரம்பித்தவனும் காத்திருந்தவனும்' என்ற கதையை நிதி ஆலோசகர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் வட்டி எப்போதும் 12 சதவீதம், வருடங்கள் எப்போதும் ஒழுங்காக ஓடும், யார் வீட்டிலும் கல்யாணம் வராது. அந்தக் கதையைத் தபால் நிலைய பாஸ்புக்கில் வைத்து எழுதிப் பார்த்தால் என்ன வரும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சண்முகம் தேர்ந்தெடுத்தது பி.பி.எஃப். கணக்கு. 1968-ல் வந்த திட்டம். மாதச் சம்பளம் வாங்காதவர்களும் சேரலாம், வட்டிக்கு வருமான வரி கிடையாது. அப்போது அதற்கு வட்டி 12 சதவீதம். மாதம் 500 ரூபாய்ச் சீட்டு ஒன்றை மார்ச்சில் முடியும்படி பிடித்து, அந்த 6,000 ரூபாயை ஏப்ரல் முதல் வாரத்தில் தலைமைத் தபால் நிலையத்தில் கட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டான். முதல் தவணைக்கு மட்டும் அப்பாவிடம் கைமாற்று வாங்கினான்.

பழனி சிரித்தான். "என்னடா இது, பதினஞ்சு வருசம் கழிச்சு எடுக்கறதுக்கு இப்பவே போடோணுமா? கல்யாணம் காச்சின்னு ஆகட்டும், கையில நாலு காசு நிக்கட்டும், சேர்த்துப் போட்டுக்கலாம்."

1991 மார்ச் 31-ல் சண்முகத்தின் கணக்கில் வட்டி வரவு வைத்தார்கள்: 720 ரூபாய். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்த பழனிக்கு மறுபடியும் சிரிப்பு. மாதத்துக்கு அறுபது ரூபாய். டீக்கடைப் பற்று வரவுக்கே போதாது.

அடுத்த வருடம் வட்டி 1,526 ரூபாய். இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தவணையாகப் போட்ட 12,000-க்கு வட்டி 1,440. மீதி 86 ரூபாய் 40 காசு எங்கிருந்து வந்தது? முதல் வருடம் வந்த 720 ரூபாய் வட்டி இருக்கிறதே, அது ஈட்டியது. (பாஸ்புக்கில் காசு ஏறாது, முழு ரூபாயாக்கிவிடுவார்கள்.) அதாவது சண்முகம் தன் சட்டைப்பையிலிருந்து ஒருபோதும் எடுத்துக் கொடுக்காத பணம், தன் பங்குக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. வட்டி போட்ட குட்டி. கூட்டு வட்டி என்று பள்ளிக்கூடத்தில் சூத்திரம் போட்டுப் படித்தது முழுவதும் இந்த 86 ரூபாய் 40 காசுக்குள் இருக்கிறது. அன்றைக்கு அதை ஒரு பொருட்டாக மதிக்க யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றியிருக்காது.

ஒரு லட்சத்துக்கு ஒன்பது வருடம்

ஒன்பது வருடம் முடிந்து 1999 மார்ச்சில் சண்முகத்தின் கணக்கில் இருந்தது 99,292 ரூபாய். போட்டது 54,000. லட்சத்துக்கு இன்னும் 708 ரூபாய் குறை.

அதற்குப் பிறகு வட்டி இறங்க ஆரம்பித்தது. 2000 ஜனவரி நடுவில் 11 ஆனது. அடுத்த வருடம் மார்ச்சில் ஒன்பதரை, அதற்கடுத்த மார்ச்சில் 9, 2003 மார்ச்சில் 8. நாலு வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு வட்டி போய்விட்டது. 'இனி இதில் என்ன இருக்கிறது' என்று பலரும் பேசிக்கொண்ட காலம் அது. சண்முகம் பெரிய நிதி மேதை ஒன்றும் இல்லை. ஏப்ரல் வந்தால் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுவது பழகிவிட்டது, கட்டினான்.

15 வருடக் கணக்கு என்கிறார்களே தவிர, கணக்கு ஆரம்பித்த நிதியாண்டு முடிந்த பிறகுதான் அந்தப் பதினைந்து வருடம் ஓட ஆரம்பிக்கும். ஆகவே 1990 ஏப்ரலில் திறந்த கணக்கு முதிர்வது 2006 ஏப்ரல் 1-ல். பதினாறு தவணை கட்டலாம். சண்முகம் பதினாறும் கட்டினான். மொத்தம் 96,000 ரூபாய். 2006 மார்ச் 31-ல் இருப்பு 2,44,267.

அதோடு அவன் பணம் போடுவதை நிறுத்திவிட்டான். மகனின் படிப்பு, வீட்டுக் கடன் என்று வேறு செலவுகள் வந்துவிட்டன. ஆனால் இருந்ததை எடுக்கவில்லை. முதிர்ந்த கணக்கை அப்படியே விட்டுவைத்தால், புதிதாகப் பணம் போடாவிட்டாலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

அதே 2006 ஏப்ரலில் பழனி கணக்கு ஆரம்பித்தான். வயது 38. சண்முகம் போட்ட அதே 6,000 ரூபாய். அதே தபால் நிலையம், அதே ஏப்ரல் முதல் வாரம்.

முந்தியவன் நின்றுவிட்டான், ஆனாலும்

இங்கே நம் மனக்கணக்கு இப்படித்தான் ஓடும்: ஒருவன் நின்றுவிட்டான், இன்னொருவன் ஓட ஆரம்பித்திருக்கிறான், ஆகவே இடைவெளி குறையும்.

2006-07-ல் சண்முகத்துக்கு வந்த வட்டி 19,541 ரூபாய். பழனி கணக்கில் அந்த வருடம் சேர்ந்தது, போட்டதும் வட்டியுமாக, 6,480. ஓடுகிறவனைவிட நிற்கிறவன் மூன்று மடங்கு தூரம் போய்விட்டான். அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடமும்.

2025 மார்ச் 31-ல் நின்று பார்த்தால், பழனி 19 தவணை கட்டியிருக்கிறான். 1,14,000 ரூபாய். கணக்கில் இருப்பது 2,61,802. சண்முகம் 19 வருடமாக ஒரு பைசா போடவில்லை. அவன் கணக்கில் 10,35,999.

இடையில் வட்டி 8.8 வரை ஏறி, மறுபடி சரிந்து, 2020 ஏப்ரலிலிருந்து 7.1-ல் நிற்கிறது. அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் இந்த எண்களுக்குள் இருக்கிறது. தபால் நிலையம் முழு ரூபாயாக்கும் இடங்களில் ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் இருக்கலாம். பழனியின் பத்தொன்பது வருட உழைப்பு, 2006-ல் சண்முகம் விட்டுவிட்டுப் போன இடத்தைத் தாண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

இன்னொரு விதமாகப் பார்த்தால்தான் எனக்கு இது முழுதாக உறைத்தது. சண்முகத்தின் பதினாறு தவணைகளைத் தனித்தனி உண்டியலில் போட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 1990-ல் அப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டினானே, அந்த முதல் 6,000 மட்டும் 2025-ல் 1,31,359 ரூபாயாகியிருக்கிறது. பழனியின் மொத்தக் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல். 2005-ல் கட்டிய பதினாறாவது 6,000, ரூ.27,483. இரண்டு உண்டியலிலும் போட்டது அதே தொகைதான். பதினைந்து வருட வித்தியாசம்தான் ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபாய்.

சண்முகத்தின் கணக்கு ஐந்து லட்சத்தைத் தொட 25 வருடம் ஆனது. 2015 மார்ச்சில் 4,99,228. அடுத்த ஐந்து லட்சத்துக்குப் பத்தே வருடம், அதுவும் வட்டி முன்பைவிடக் குறைந்திருந்த பத்து வருடம். கூட்டு வட்டியின் தொந்தரவே இதுதான். பெரிய வரவெல்லாம் கடைசியில் வருகிறது. கடைசி வருடம் மட்டும் அவனுக்கு வந்த வட்டி 68,680. அவன் ஒரு வருடத்துக்குப் போட்டுவந்த தொகையைப் போல் பதினோரு மடங்குக்கு மேல். இந்தக் கடைசி வருடங்கள் ஒருவனுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அவன் அறுபது ரூபாய் வட்டியைப் பார்த்துச் சிரித்த வருடங்களைக் கடந்து வந்திருக்க வேண்டும். தாமதமாக ஆரம்பிப்பவன் இழப்பது ஆரம்ப வருடங்களை அல்ல, இந்தக் கடைசி வருடங்களை.

'12 சதவீதம் கொடுத்த காலம் அது, அதனால்தான்' என்று சொல்லத் தோன்றும். அதையும் போட்டுப் பார்த்தேன். இருவருக்குமே எல்லா வருடமும் 8 சதவீதம் மட்டும் என்று வைத்தால், சண்முகத்துக்கு 8,48,000, பழனிக்கு 2,68,600. நாலு மடங்கு இருந்த வித்தியாசம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று ஆகிறது. 12 சதவீதம் உதவியது உண்மை, நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. கொழுத்த வட்டி கிடைத்த காலத்தில் கணக்கில் பணம் இல்லை. பணம் சேர்ந்தபோது வட்டி இளைத்துவிட்டது.

பழனி ஏன் காத்திருந்தான்?

வழக்கமான கதையில் இரண்டாவது நண்பன் ஊதாரி. பைக் வாங்குவான், சினிமா பார்ப்பான், புத்தி பின்னால் வரும். எனக்கு அது பிடிப்பதில்லை. நான் பார்த்த பழனிகள் யாரும் ஊதாரிகள் இல்லை.

இந்தப் பழனிக்கு ஒரு தங்கை. 1991 ஆவணியில் கல்யாணம். கையிருப்பு போதாமல் 30,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினார்கள். நம் ஊர்ப் பேச்சில் இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். தெரிந்தவர், நல்ல மனிதர், நெருக்க மாட்டார். மாதம் பிறந்தால் 600 ரூபாய் கொடுத்துவிட்டால் போதும். 'அசல் கையில வரும்போது குடுப்பா, ஒண்ணும் அவசரமில்ல' என்று சொல்கிறவர்.

அவசரமில்லைதான். பதினான்கு வருடம் போனது. 2005 ஆவணியில் மனைவியின் நகையை விற்று அந்த 30,000-ஐக் கட்டி முடித்தான். அதுவரை வட்டியாக மட்டும் கொடுத்தது, மாதம் 600 வீதம் 168 மாதம், 1,00,800 ரூபாய்.

சண்முகம் பதினாறு வருடத்தில் தபால் நிலையத்தில் கட்டியது 96,000.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. ஒரே மேசை வரிசையில் உட்கார்ந்த இருவர், ஏறக்குறைய ஒரே தொகையை, ஏறக்குறைய ஒரே காலத்தில், மாதா மாதம் கையைவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சேமிக்கும் ஒழுக்கம் பழனிக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதினான்கு வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டியவன் அவன். சீட்டுக்கு ஒதுக்கக்கூடிய ஐந்நூறு ரூபாய்தான் வட்டிக்கு அறுநூறாகப் போய்க்கொண்டிருந்தது.

நாம் கூட்டு வட்டி தெரியாத ஜனங்கள் இல்லை. வட்டியைக் கட்டத் தவறினால் அதை அசலோடு சேர்த்து எழுதும் வழக்கம் எந்தக் கிராமத்துக்கும் புதிதில்லை. மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று பெயர் வைத்து, 2003-ல் அதைத் தடுக்க இந்த மாநிலத்தில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. வட்டி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக்கமில்லை.

ஆகவே, 'கடன் இருக்கிறது, ஆனாலும் மாதம் 500 ரூபாயாவது சேமிக்கிறேன்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 24 சதவீதம் கொடுத்துக்கொண்டு 7.1 சதவீதத்துக்குச் சேர்ப்பவருக்கு ஒவ்வொரு நூறு ரூபாயிலும் வருடத்துக்குப் பதினேழு ரூபாய் ஒழுகுகிறது. அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு அந்த அசலை அடைப்பதுதான். அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகையைக் கையில் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

கேட்கப்படாத ஒரு கேள்வி

இந்த இடத்தில் கதையில் ஒரு கதவு திறந்திருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

பி.பி.எஃப். கணக்கில் ஏழாவது நிதியாண்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுக்கலாம். நாலு வருடத்துக்கு முந்தைய இருப்பு, போன வருட இருப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதில் பாதி வரை. 2000 ஏப்ரலில் அந்தக் கணக்குப்படி சண்முகத்தால் 33,000 ரூபாய்க்கு மேல் எடுத்திருக்க முடியும். பழனியின் கடன் 30,000.

சண்முகம் அந்தப் பணத்தை எடுத்து நண்பனிடம் கொடுத்து, 'எனக்குத் தபால் நிலையம் தருகிற 11 சதவீதத்தை நீயே கொடுத்துவிடு' என்று சொல்லியிருந்தால்? பழனி அதே 600 ரூபாயை மாதா மாதம் கொடுத்திருந்தால், முதல் மாதம் அதில் 275 வட்டிக்கும் 325 அசலுக்கும் போயிருக்கும். அடுத்த மாதம் அசலுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஐந்து வருடம் எட்டு மாதத்தில் கடனே இருந்திருக்காது. இரண்டு வட்டிக்காரரிடம் அதே 600 ரூபாய் ஒரு ரூபாய் அசலைக்கூடக் குறைக்கவில்லை, ஏனென்றால் அங்கே வட்டி மட்டுமே 600. நகையை விற்க வேண்டிய நிலை வந்திருக்காது. சண்முகத்துக்கும் பெரிய நஷ்டம் இல்லை, திரும்பி வரும் பணத்தை வருட வரம்புக்குள் மறுபடி கணக்கிலேயே போட்டிருக்கலாம்.

ஆனால் பழனி கேட்கவில்லை. சண்முகமும் சொல்லவில்லை. சிநேகிதத்துக்கு நடுவில் பணம் வரக்கூடாது என்று வளர்ந்தவர்கள். கரூரில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் இப்படித்தான். வட்டிக்காரரிடம் 24 சதவீதம் கொடுப்பது கௌரவம், நண்பனிடம் 11 சதவீதத்துக்குக் கேட்பது கௌரவக் குறைச்சல்.

நண்பனுக்கும் எடுத்துக் கொடுக்காமல், தன் வீட்டுச் செலவுக்கே அந்த 30,000-ஐ எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்தேன். 2025-ல் சண்முகத்தின் இருப்பில் 2,11,900 ரூபாய் குறைந்திருக்கும். 'முப்பதாயிரம் எடுத்தேன், இரண்டு லட்சம் போச்சு' என்று இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டியதில்லை. வெளியே இரண்டு வட்டிக்கு வாங்குவதா, சொந்தக் கணக்கிலிருந்து எடுப்பதா என்றால் இரண்டாவதுதான் மலிவு. சீக்கிரம் ஆரம்பித்தவனுக்குக் கிடைத்த முதல் லாபம் 10 லட்சம் அல்ல. கல்யாணமோ ஆஸ்பத்திரியோ வந்தபோது இரண்டு வட்டிக்காரர் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை, அதுதான்.

அதே ஐந்நூறு, ஆனால் வேறு ஐந்நூறு

பழனி செய்த ஒரே தப்பு என்று எனக்குப் படுவது 2006-ல் நடந்தது. கடன் தீர்ந்தது. மாதம் 600 ரூபாய் கையில் மிஞ்சியது. சண்முகம் போட்ட அதே ஐந்நூறையே போட ஆரம்பித்தான்.

அதே ஐந்நூறா அது? தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு 1990-91-ல் சராசரி 193. 2005-06-ல் 542. 1990-ல் ஐந்நூறு ரூபாய் வாங்கிய சாமானை 2006-ல் வாங்க 1,400 ரூபாய் வேண்டும். சண்முகம் 22 வயதில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட ஐந்நூறும், பழனி 38 வயதில் போட்ட ஐந்நூறும் பாஸ்புக்கில் ஒரே மாதிரி தெரியும். வீட்டில் அவற்றின் எடை வேறு. பழனி அதே எடைக்கு, மாதம் 1,400 என்று போட்டிருந்தால் 2025-ல் அவன் கணக்கில் 7,33,000 ரூபாய் இருந்திருக்கும். சண்முகத்தை எட்டிப் பிடிக்க மாதம் 1,980 ரூபாய் தேவைப்பட்டிருக்கும், வட்டமாக இரண்டாயிரம்.

அந்த நாலு மடங்கு வித்தியாசத்தை மேடையில் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த நாலு மடங்கில் ஒரு பெரும் பகுதி கூட்டு வட்டியின் மகிமை அல்ல, ரூபாய் தேய்ந்த கதை. 1991-92-ல் சண்முகத்துக்கு 12 சதவீதம் வட்டி வந்தபோது விலைவாசி 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த வருடம் அவன் உண்மையில் சம்பாதிக்கவே இல்லை. வட்டி இறங்குகிறதே என்று எல்லோரும் புலம்பிய 2000-ஐ ஒட்டிய வருடங்களில் விலைவாசி நாலு சதவீதத்தை ஒட்டியே நின்றது. பணம் உண்மையிலேயே வளர்ந்தது அப்போதுதான். பாஸ்புக்கில் இதைப் பார்க்க முடியாது, மளிகைக் கடை நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

தாமதமாக ஆரம்பித்தவருக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 38 வயதுப் பழனிக்குச் சம்பளமும் ஏறியிருந்தது. மாதம் 2,000 என்பது வலிக்கும், ஆனால் முடியாதது இல்லை. காலத்தைத் திரும்ப வாங்க முடியாதவர் தொகையைக் கூட்டலாம். நண்பன் போட்ட எண்ணையே தானும் போட்டால்தான் எட்டவே முடியாது.

தேதியையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்தக் கணக்கில் ஒரு மாதத்தின் 5-ம் தேதி முடிந்த நேரத்துக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 6-ம் தேதி கட்டினால் அந்த மாதம் வீண். வருமான வரிக்குக் கணக்குக் காட்ட மார்ச் கடைசியில் ஓடிப்போய்க் கட்டுகிறவர்களுக்கு அந்த வருடமே வீண். பழனி தன் 19 தவணைகளையும் அந்தந்த வருட ஏப்ரலுக்குப் பதில் மார்ச்சில் கட்டியிருந்தால் கணக்கில் 2,42,354-தான் இருந்திருக்கும். 19,448 ரூபாய் குறைவு. மூன்று வருடம் கட்டிய பணத்துக்கும் மேல்.

முதிர்ந்த கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சண்முகம் போல் சும்மா விட்டால் படிவம் எதுவும் வேண்டாம். ஆனால் தொடர்ந்து பணம் போட விரும்பினால், முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் அதற்கான படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் பழக்கதோஷத்தில் கட்டிக்கொண்டே போனால் அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. பழனியின் கணக்கு 2022 ஏப்ரலில் முதிர்ந்தது. படிவம் கொடுக்கச் சொன்னதே சண்முகம்தான். நண்பனின் பணத்தைப் பற்றி முப்பத்திரண்டு வருடத்தில் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

2025 ஏப்ரல் 3. தபால் நிலையத்தில் கூட்டம் அதிகமில்லை. பழனிக்கு வயது 57, இன்னும் வேலையில் இருக்கிறான், மகள் கல்யாணம் முடிந்துவிட்டது. மேசையில் குனிந்து சலான் எழுதினான். கணக்கு எண், பெயர், தேதி. தொகைக் கட்டத்தில் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை தானாக 6,000 என்று எழுதிவிட்டது. நிறுத்திப் பார்த்துவிட்டு அதை அடித்து மேலே 24,000 என்று எழுதினான்.

கவுண்டரில் இருந்த பெண் சலானைத் திருப்பித் தள்ளினார். "அடிச்சு எழுதினா எடுக்க மாட்டோம் சார். வேற ஃபார்ம் எழுதிட்டு வாங்க."

"நாளைக்கு வரட்டுமாம்மா?"

பின்னாலிருந்து சண்முகம் அவன் தோளைத் தொட்டான். "அஞ்சாந்தேதிக்குள்ள கட்டோணும்டா. அந்தா, பெட்டியில இன்னொண்ணு கிடக்குது பாரு. எடுத்துட்டு வா."